போனை எடுத்துவிடலாம், கண்ணாடியை என்ன செய்வது?

“அந்தப் போனை மட்டும் எடுத்துத் தாங்கோ.” நினைவுப் படம் திருத்தித் தரச்சொல்லி வருகிறவர்கள் அநேகமாக இந்த ஒரு வசனத்தோடுதான் வருகிறார்கள். எங்கட வயதுக்காரர் இறந்துபோனால் வீட்டில் பிரேம் போட்ட படம் இருக்காது. போனில் ஆயிரம் படம் இருக்கும். அதில் ஆள் தனியாக, நல்ல உடுப்போடு, சிரித்தபடி நிற்கிற படம் எதுவென்று தேடினால் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு கண்ணாடி செல்பி. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலக்கையில் போனைப் பிடித்து எடுத்தது. மரண அறிவித்தலுக்கும், சந்தியில் கட்டுகிற பதாகைக்கும், 31ஆம் நாள் நினைவு மலருக்கும் அந்தப் படம்தான் போகவேணும். ஆனால் போன் நடுவில் நிற்கிறது.

நாங்கள் பீடத்தில் நாடகத்துக்கும் கூட்டங்களுக்கும் போஸ்டர் செய்கிற நாலைந்து பேர். போட்டோஷொப் தெரியும் என்ற ஒரே காரணத்தால் இந்த மாதிரி வேலைகளும் எங்களிடம் வந்து சேருகின்றன. காசு வாங்குவதில்லை. ஆனால் இந்த வேலை பற்றி எங்களுக்கு இப்போது ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. போனை “எடுத்துவிடுவது” என்று ஒன்று கிடையாது. போன் இருந்த இடத்தில் கமரா ஒன்றையுமே பார்க்கவில்லை. ஆகவே அங்கே எதையாவது நாங்கள் கட்டத்தான் வேணும். கேட்கவேண்டிய கேள்வி “எப்படி அழிப்பது?” என்பதில்லை. “எதை வைத்துக் கட்டுகிறோம், யாரைக் கேட்டுக் கட்டுகிறோம்?” என்பதுதான்.

இதை வெறும் ஒழுக்கப் பேச்சாகச் சொல்லவில்லை. வேலையின் நுட்பமே இதைத்தான் சொல்கிறது. அதனால் ஒரு படத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறோம்.

எங்களில் ஒருத்தியின் உறவுக்கார அக்கா. சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிட்டு நின்றபோது தன் அறையில் எடுத்த படம். சேலை, காதில் ஜிமிக்கி, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. தொடைக்கு மேலே தெரிகிறது. போன் நாடி உயரத்தில் இருக்கிறது. அதன் ஒரு பாதி கழுத்தையும் நாடியின் ஓரத்தையும் மறைக்கிறது. மற்றப் பாதி தோளுக்குப் பக்கத்தில் வெறும் கண்ணாடியை மறைக்கிறது. முன்னங்கை கீழிருந்து சாய்வாக மேலே வந்து, சட்டையின் பாதியை மூடுகிறது. பார்வை மட்டும் நேரே எங்களைப் பார்க்கிறது. கண்ணாடியில் தெரிந்த கமராக் கண்ணைப் பார்த்திருக்கிறா. அந்தப் பார்வைக்காகத்தான் அம்மா இந்தப் படத்தையே கேட்டா.

பார்வை எங்கே போகிறது என்பதை முதலில் பார்க்கவேணும். கண்ணாடி செல்பியில் ஆட்கள் அநேகமாக மூன்றில் ஒன்றைப் பார்ப்பார்கள். கையிலிருக்கிற போனின் திரையைப் பார்த்தால் இமை தாழ்ந்திருக்கும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் பார்வை எங்களைக் கொஞ்சம் தவறிப் போகும். கண்ணாடியில் தெரிகிற கமராவைப் பார்த்தால் மட்டும்தான் படத்தைப் பார்க்கிறவரின் கண்ணை நேரே பார்க்கும். முதல் வகைப் படத்தில் போனை எடுத்துவிட்டால் ஆள் வெறும் காற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு சுத்தமாக அழித்தாலும் அந்தப் பார்வை போனை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். அப்படியான படத்தைத் திருத்தாமல் வேறு படம் தேடச் சொல்வதே நல்லது.

அடுத்தது, படத்தின் மூலக் கோப்பு. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நுணுக்கங்கள் கரைந்து வரும். டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லவேணும். இந்தப் படத்தின் மூலம் 3000க்கு 4000 பிக்சல். தலை, தோள், நெஞ்சு வரை வெட்டினால் 1500க்கு 1875 மிஞ்சும். 8க்கு 10 அங்குலப் பிரேமுக்கு அது அங்குலத்துக்கு 187 பிக்சல். சுவரில் மாட்டக் காணும். மூன்றடி அகலப் பதாகைக்கு அங்குலத்துக்கு 41தான் வரும். ஆனால் பதாகையை யாரும் மூக்குக்கு முன்னால் வைத்துப் பார்ப்பதில்லை. சுருங்கி வந்த படத்தில் இந்தக் கணக்கு ஒன்றும் சரிவராது.

மூலக் கோப்போடு இன்னொன்றையும் கேட்போம். “அதே நிமிஷத்தில எடுத்த மற்றப் படங்கள் இருக்கோ?” ஒருவரும் கண்ணாடிக்கு முன்னால் ஒரேயொரு படம் எடுப்பதில்லை. ஐந்தாறு எடுத்து, ஒன்றைத்தான் ஸ்டேட்டஸில் போடுவோம். மற்றதெல்லாம் போனிலேயே கிடக்கும். அக்காவின் போனிலும் கிடந்தது. சேலை முழுவதும் தெரியவேணும் என்று போனை இடுப்புக்குத் தாழ்த்தி எடுத்த ஒரு படம். அதில் அவ குனிந்து திரையைப் பார்க்கிறா, சிரிப்பில்லை. ஆனால் கழுத்து, சங்கிலி, சட்டை, இரண்டு தோள்கள் எல்லாம் மறைப்பில்லாமல் தெரிகின்றன. எங்களுக்கு அது புதையல். முதற் படத்தில் கமரா பார்க்காததை இந்தப் படத்தில் பார்த்திருக்கிறது. கற்பனை செய்யவேண்டியதில் முக்கால்வாசி அங்கேயே குறைந்துவிட்டது.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். பலர் பிழைவிடுகிற இடம் இதுதான். கண்ணாடி செல்பியைப் பார்க்கும்போது எல்லாம் ஒரே தட்டையான பரப்பில் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் மூன்று தளங்கள் இருக்கின்றன. அக்காவின் படத்தில் போன் கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் தள்ளி இருந்திருக்கும். அப்படியென்றால் கண்ணாடியின் மேற்பரப்பு கமராவுக்கு ஒரு மீற்றரில் இருக்கிறது. கண்ணாடிக்குள் தெரிகிற முகம் போய்த் திரும்புகிற தூரத்தையும் சேர்த்தால் இரண்டேகால் மீற்றருக்கு மேல். அவவுக்குப் பின்னாலிருந்த சுவர் இன்னும் தூரத்தில், நாலு மீற்றரளவில். சுவர், ஆள், கண்ணாடியின் மேல்முகம் என்ற இந்த மூன்றையும் வேறுவேறு லேயராகக் கட்டவேணும். கட்டுகிற ஒழுங்கும் அதேதான்: பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது கடைசியில்.

கண்ணாடியின் மேல்முகத்தில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பீர்கள். எங்கட வீட்டு அலுமாரிக் கண்ணாடியை ஒருக்கால் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் துளி காய்ந்த வெள்ளைப் புள்ளிகள், துணியால் துடைத்த கோடு, விளிம்பில் ரசம் கழன்று கறுத்த தேமல். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். அக்காவின் கண்ணாடியில் ஏழு பொட்டு. அவை எல்லாம் மேற்பரப்பில் இருப்பதால் முகத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஏனென்றால் கமரா முகத்தைத்தான் குவித்திருக்கிறது. பொட்டின் ஓரத்தில் இன்னொரு மெல்லிய நிழல் மாதிரி ஒரு இரட்டையும் தெரியும். கண்ணாடியின் ரசம் பின்பக்கத்தில் பூசப்பட்டிருக்கிறது. பொட்டு ஒட்டியிருப்பது முன்பக்கத்தில். இடையில் இருக்கிற கண்ணாடியின் தடிப்புத்தான் அந்த இரட்டையாகத் தெரிகிறது.

இதைக் கவனிக்காமல், போனுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தை க்ளோன் ஸ்டாம்ப்பால் எடுத்துப் போனுக்கு மேல் பூசினால் என்ன நடக்கும்? சுவரோடு சேர்ந்து தண்ணீர்ப் புள்ளியும் வந்துவிடும். ஒரே வடிவத்தில் ஒரே புள்ளி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தரம் தெரியும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் “ஏதோ செய்திருக்கு” என்பது தெரிந்துவிடும். தானாக நிரப்புகிற கருவிகளும் இதே பிழையைத்தான் விடும். அதுகளுக்கு எது சுவர், எது கண்ணாடியில் படிந்த கறை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நாங்கள் செய்தது இப்படி. முதலில் சுவர். தோளுக்குப் பக்கத்தில் போன் மறைத்த துண்டில் இருந்தது வெளிர்ப் பச்சைச் சுவரும், கதவு நிலையின் ஒரு நேர்கோடும். அதை இரண்டாவது படத்திலிருந்து எடுத்தோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையில் போன் நாடியிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருக்கிறது. கமரா அசைந்தால் கிட்ட இருப்பது கூட நகரும், தூர இருப்பது குறைய நகரும். பஸ் ஜன்னலால் பார்க்கும்போது வேலிகள் ஓட, பனைகள் மெல்ல நகருவது போல. ஆகவே இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே தரத்தில் எல்லாவற்றையும் பொருத்த முடியாது. சுவரைப் பொருத்தினால் ஆள் விலகுவார். ஆளைப் பொருத்தினால் பொட்டுகள் விலகும். மூன்று தளத்தையும் மூன்று தரம் தனித்தனியாகப் பொருத்தவேணும். சுவருக்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டோம். உடம்புக்குச் சட்டைக் கழுத்தின் விளிம்பையும் சங்கிலி தொடங்குகிற இடத்தையும் பிடித்தோம். மேல்முகத்துக்குப் பொட்டுகளையே பிடித்தோம்.

இரண்டாவது படம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அறையும் அலுமாரியும் இன்னும் இருந்தால் திரும்பப் போய் எடுக்கலாம். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற கமரா எப்போதும் தன்னையே பார்க்கும். வெறும் கண்ணாடியை எடுக்கப் போனாலும் நடுவில் உங்கள் போன்தான் நிற்கும். அதற்கு வழி, போனை ஒரு சாண் இடப்பக்கமும் பிறகு ஒரு சாண் வலப்பக்கமும் நகர்த்தி இரண்டு படம் எடுப்பது. ஒன்றில் மறைந்தது மற்றதில் தெரியும். அல்லது திரும்பி நின்று சுவரையே நேரே எடுக்கலாம். அப்படி எடுத்த சுவரை இடம் வலம் மாற்றித்தான் கண்ணாடிக்குள் வைக்கவேணும். மாற்றாமல் வைத்தால் சுவரில் தொங்குகிற கலண்டர் எழுத்து நேராகத் தெரியும். கண்ணாடிக்குள் எழுத்து நேராகத் தெரிந்தால் அது கண்ணாடியே இல்லை.

இனிக் கை. போனைவிடக் கை பொல்லாதது. போனைத் தூக்கிப் பிடிக்கிறபோது அந்தப் பக்கத் தோள் மேலே எழும்பும், சட்டைக் கை சுருங்கும், கழுத்தின் ஒரு பக்கம் குறுகும். முன்னங்கையை மட்டும் வெட்டி எறிந்தால் எழும்பின தோள் அப்படியே நிற்கும். எதையோ தூக்குகிற தோள், ஆனால் தூக்குகிற கை இல்லை. சந்தியில் கட்டியிருக்கிற பதாகைகளில் இதைப் பார்க்கலாம். ஆள் ஒருபக்கம் குறண்டி நிற்பது போல இருக்கும். சிலர் மற்றக் கையைப் பிரதி எடுத்துத் திருப்பி ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் வெளிச்சம் எதிர்ப்பக்கத்தால் விழும், மற்றக் கையின் காப்பும் மணிக்கூடும் இந்தக் கைக்கும் வந்துவிடும், முந்தானையின் நிழல் முந்தானை இல்லாத பக்கத்தில் தெரியும்.

எங்களுக்கு இரண்டாவது படம் இருந்ததால் தோளை அழிக்கவேண்டி வரவில்லை. இறங்கின தோள்களையும் கழுத்தையும் சட்டையையும் அப்படியே அந்தப் படத்திலிருந்து எடுத்து, முதற் படத்தின் முகத்துக்குக் கீழே வைத்தோம். இரண்டும் ஒரே ரியூப் லைட்டின் கீழே, ஒரே நிமிஷத்தில் எடுத்தவை. வெளிச்சம் தானாகவே பொருந்தியது. ஆனால் இரண்டாவது படம் கீழேயிருந்து பார்த்த படம். அதனால் கழுத்து கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. அதை ஒரு துளி குறுக்கவேண்டி இருந்தது. வெட்டுக்கோட்டை நாடியின் நிழலுக்குள் வைத்தோம். அங்கேதான் இயல்பாகவே இருட்டு இருக்கிறது, இணைப்புத் தெரியாது. போனின் விளிம்பை ஒட்டி வெட்டாமல் சில பிக்சல் தள்ளியே வெட்டினோம். விளிம்பில் போனின் நிறமும் தோலின் நிறமும் கலந்திருக்கும். கையின் மெல்லிய நிழலும் சேலையில் விழுந்திருக்கும். அதை விட்டுவிட்டால் ஆள் இல்லாத நிழல் ஒன்று படத்தில் மிஞ்சும்.

கடைசியாகப் பொட்டுகள். இரண்டு பொட்டு, போன் இருந்த இடத்துக்கு மேலேயே விழுந்திருந்தன. கண்ணாடியைக் கட்டி முடித்துப் பார்த்தபோது ஏழில் ஐந்துதான் மிச்சம். படம் சுத்தமாக இருந்தது. “ஐஞ்சையும் துடைச்சுவிட்டா இன்னும் வடிவா இருக்கும்” என்று எங்களில் ஒருவன் சொன்னான். பிழையில்லாத கருத்துத்தான். ஆனால் நாங்கள் அம்மாவைக் கேட்டோம். “அது அவள் ஒட்டினது பிள்ளை. அதை விடுங்கோ” என்றா. ஏழையும் இருந்த இடத்தில் இருந்தபடி, இருந்த மங்கலோடு திரும்ப வைத்தோம். எல்லாவற்றுக்கும் மேலான லேயர் அதுதான்.

இதுவரைக்கும் நாங்கள் கட்டியது எல்லாம் கமரா எங்கேயோ ஒரு தரம் பார்த்தவை. ஒன்றுதான் மிச்சம். நாடியின் ஓரத்தில், விரல் நகத்தளவு இடம். முதற் படத்தில் அதைப் போன் மறைக்கிறது. இரண்டாவது படத்தில் தலை குனிந்திருக்கிறது, ஆகவே அந்த நாடி இந்த முகத்துக்குப் பொருந்தாது. மற்றப் பக்க நாடியைத் திருப்பி வைக்கலாம் என்று நினைப்பீர்கள். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. திருப்பி ஒட்டிய முகம் வடிவாக இருக்கும், ஆனால் அந்த ஆளாக இருக்காது. அந்த நகத்தளவுக்கு ஒரு குடும்பப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டைக் கையால் வரைந்தோம். வரைந்த இடம் எது என்று திரையில் காட்டி அம்மாவுக்குச் சொன்னோம். அவ விரலை வைத்து, “இன்னும் கொஞ்சம் உருண்டை” என்றா. மாற்றினோம்.

எங்கள் கருத்து முழுவதும் இந்த நகத்தளவில்தான் நிற்கிறது. சுவரைக் கட்டலாம், சேலையைக் கட்டலாம், கண்ணாடியைக் கட்டலாம். முகத்தைக் கட்டக்கூடாது. நாடியின் ஓரம் வரைக்கும் போகலாம், அதுவும் அந்த முகத்தைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். போன் வாயை மறைத்தால், கன்னத்தில் பாதியை மறைத்தால், அந்தப் படத்தை நாங்கள் தொடுவதில்லை. போனோடேயே அச்சடியுங்கள் என்று சொல்வோம், அல்லது வேறு படம் தேடித் தருவோம்.

இதற்கு எதிராக ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. எங்கட ஊர் ஸ்டூடியோக்கள் எப்போதும் இதைத்தானே செய்துவந்தன? தனித்தனியாக எடுத்த அம்மப்பாவையும் அம்மம்மாவையும் ஒரே படத்தில் இருத்தினார்கள். இடப்பெயர்வில் அல்பத்தைத் தொலைத்த வீடுகளுக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, சேர்ட்டுக்கு மேல் கோட்டும் டையும் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. அந்தப் படங்களுக்கு முன்னால்தான் இன்றைக்கும் விளக்கேற்றுகிறோம். சரிதான். ஆனால் அந்தப் படங்களில் எது ஒட்டினது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாத்தா ஒருநாளும் கோட் போட்டதில்லை என்பது தெரிந்துதான் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். முகம் மட்டும் அவருடையது. இப்போது நடப்பது தலைகீழ். கோட் உண்மையாக இருக்கிறது, முகத்தில் ஒரு துண்டு புதிதாக இருக்கிறது, அது எந்தத் துண்டு என்று ஒருவருக்கும் சொல்லப்படுவதில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கச்சி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அக்காவின் வாயை ஞாபகம் வைத்திருப்பாள். நினைவு படத்துக்கு விட்டுக்கொடுத்துவிடும். அது எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இருக்கிறவர்களின் படங்களுக்கும் சேர்த்து. கண்ணாடி செல்பியில் போன் எப்போதும் தற்செயலாக அந்த இடத்தில் நிற்பதில்லை. பல பெண்பிள்ளைகள் முகத்தை மறைக்கவே போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள். வயிற்றை மறைக்கக் கையை அப்படி வைக்கிறார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. போனையும் கையையும் எடுத்து அங்கே ஒரு முகத்தையோ உடம்பையோ கட்டுகிறவர் “வெளியில் கொண்டுவரவில்லை”, இல்லாத ஒன்றை அவர்கள்மேல் ஒட்டுகிறார். கேட்பவர் படத்தின் சொந்தக்காரி இல்லையென்றால், நாங்கள் செய்வதில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், அவளைக் கேட்கலாம்.

போன் இருப்பதே ஒரு குறை என்ற நினைப்பையும் கொஞ்சம் கேள்வி கேட்கவேணும். 1931இல் இல்ஸே பிங் என்ற புகைப்படக்காரி கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே எடுத்த படம் இருக்கிறது. லைக்கா கமரா முகத்துக்கு முன்னால் நிற்கிறது, பக்கத்திலிருந்த இன்னொரு கண்ணாடியில் அவருடைய பக்கவாட்டு முகமும் தெரிகிறது. அந்தக் கமராவை அழித்துவிட்டால் படத்தில் ஒன்றுமே மிஞ்சாது. அதில் அவர் யார் என்பதைச் சொல்வதே அந்தக் கமராதான். எங்கட காலத்து ஆட்கள் போனோடு வாழ்ந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் போனைப் பிடித்து நின்றார்கள். மண்டபச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு அது பொருந்தாமல் இருக்கலாம். வீட்டு அறையில் வைக்கிற படத்துக்கு ஏன் பொருந்தாது?

அதனால் நாங்கள் இப்போது இரண்டு படமாகக் கொடுக்கிறோம். நெஞ்சுவரை வெட்டிய படத்தில் போன் இல்லை, கை இல்லை, கண்ணாடியின் சட்டமும் இல்லை. அதை இடம் வலம் மாற்றியும் கொடுக்கிறோம். கண்ணாடிக்குள் தெரிவது அந்த ஆள் தன்னைப் பார்த்த முகம். உச்சி பிரித்த பக்கம், மச்சம், முந்தானை போட்ட தோள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். மற்றவர்கள் பார்த்தது திருப்பிய முகத்தைத்தான். அக்காவின் படத்தை மாற்றாமல் காட்டியபோது அம்மா, “என்னவோ அவளில்லை மாதிரி” என்றா. மாற்றிக் காட்டிய உடனே ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கி வைத்துக்கொண்டா. இரண்டாவது, முழுப் படம். அலுமாரிச் சட்டம், பொட்டு, போன், கை எல்லாம் இருந்தபடி. அதில் நாங்கள் ஒன்றையும் தொடுவதில்லை. கண்ணாடிச் சட்டம் தெரிகிற படத்தில் போனை எடுத்தால் கண்ணாடிக்குள் ஒருத்தி இருப்பா, அவவைப் பார்க்க வெளியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது நினைவுப் படமில்லை, பேய்ப்படம்.

நீங்களும் இப்படியான வேலை செய்கிறவராக இருந்தால், முடித்தபிறகு படத்தை ஒருக்கால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகம் கண்ணை இழுக்காதபோது பிழைகள் தெரியும். கதவு நிலை வளைந்திருக்கா? ஒரே கறை இரண்டு இடத்தில் இருக்கா? கட்டின இடம் மட்டும் மெழுகு மாதிரி வழவழப்பா இருக்கா? அப்படியிருந்தால் சுற்றியிருக்கிற அளவுக்குக் கொஞ்சம் புள்ளி தூவுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவரென்றால் அதற்குள் பெருப்பித்துப் பாருங்கள். நீங்கள் எடுத்துவிட்டதாக நினைத்த போன் அங்கே சின்னதாக மின்னிக்கொண்டு நிற்கும்.

பிறகு, கட்டின இடங்கள் எல்லாவற்றையும் ஒரு நிறத்தில் அடையாளம் போட்டு, அந்தக் கோப்பையும் குடும்பத்துக்குக் கொடுங்கள். கொடுக்கிறதுக்கு இரண்டு நிமிஷம் போதும். பச்சைச் சுவர் எங்களுடையது, கதவு நிலை எங்களுடையது, நாடியில் நகத்தளவு எங்களுடையது. மற்றதெல்லாம் அவவுடையது.